கார்டியன் ஒருவர், சோறு போட்டவர் வேறொருவர்: சிறுவயதில் பெற்றோரை இழந்த ஒரு பிரமுகரை வளர்த்தது யார் என்று தேடிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

தாமிரபரணிப் பாசனப் பகுதியில் பிறந்து, ஆசிரியராகவும் கூட்டுறவுச் சங்கத் தலைவராகவும் பெயர் பெற்ற ஒருவரின் நூற்றாண்டையொட்டி ஒரு வாழ்க்கை வரலாற்று மலர் தயாரானது. பிறப்பு, படிப்பு, பொதுவாழ்வு எல்லாவற்றுக்கும் ஆதாரம் இருந்தது. இடையில் ஒரு பள்ளம்: 8 வயதுக்குள் தாயும் தகப்பனும் போய்விட்டார்கள். அதற்குப் பின் கல்லூரி சேரும்வரை அவரை வளர்த்தது யார் என்பதில் மூன்று தரப்பினர் மூன்று பதில் சொன்னார்கள். தாய்மாமன் வழிப் பேரன்கள் “எங்க தாத்தாதான் வளர்த்து ஆளாக்கினார்” என்றார்கள். பெரியப்பா வீட்டார் கல்யாணப் பத்திரிகையை எடுத்துக் காட்டினார்கள். மூன்றாவதாக, அத்தை வாக்கப்பட்ட ஊரில் சிலர் “இங்கதானே கிடந்தார்” என்று சாதாரணமாகச் சொன்னார்கள். உரிமை கொண்டாட அந்த வீட்டில் வாரிசு யாரும் இல்லை.

சம்பந்தப்பட்டவர்களின் அடையாளம் தெரியாமலிருக்க, இந்த ஆய்வில் ஊர்ப்பெயர்களும் ஆண்டுகளும் விடப்பட்டு, எல்லாம் அவருடைய வயதைக் கொண்டு குறிக்கப்படுகின்றன. காலம் இந்திய விடுதலைக்கு முந்தியது என்பதை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டால் போதும்.

தொடக்கத்தில் கையில் இருந்தவை

அவரே எழுதியது ஒரே ஒரு வரி. பிற்காலக் கட்டுரை ஒன்றில், பெற்றோர் போன பிறகு மாமா வீட்டில் வளர்ந்ததாகக் குறிப்பிட்டிருந்தார். இதை வைத்துத்தான் முன்பு வந்த சிறு வெளியீடுகள் எல்லாம் ‘தாய்மாமன் வளர்த்தார்’ என்று எழுதிவிட்டன. நம் பக்கம் அத்தை புருஷனும் மாமாதான் என்பது எல்லாருக்கும் தெரிந்ததே. ஆனாலும் அனாதைப் பிள்ளை, மாமா என்று இரண்டும் சேர்ந்து வந்தால் மனம் தாய்மாமனிடம்தான் போய் நிற்கிறது. அந்த வரியை எந்தப் பக்கத்துக்கும் சாட்சியாக எடுப்பதில்லை என்று முதலிலேயே முடிவானது.

இரண்டாவது, கல்யாணப் பத்திரிகை. அழைப்பவர் இடத்தில் பெரியப்பா பெயர் இருந்தது. பெற்றோர் இல்லாத மாப்பிள்ளைக்குப் பங்காளிகளில் மூத்தவர் பெயரில் பத்திரிகை அடிப்பது வழக்கம். சோறு போட்டவர் யார் என்பதை அது சொல்லாது. கல்யாணத்தன்று குடும்பத்தின் தலைமையில் நின்றவர் யார் என்பதை மட்டுமே சொல்லும். பெரியப்பா வீட்டார் இதை ஏற்கவில்லை. மறுக்க ஆதாரம் கிடைக்கும்வரை அவர்களோடு வாதிடுவதில்லை என்று மலரைத் தயாரித்த குழு ஒதுங்கிக்கொண்டது.

தேடலைத் தொடங்கும் முன் கேள்வியை உடைக்க வேண்டியிருந்தது. ‘வளர்த்தது யார்’ என்ற ஒரே கேள்விக்குள் நான்கு கேள்விகள் கிடக்கின்றன. சட்டப்படி கார்டியன் யார், செலவுக்குப் பணம் எங்கிருந்து வந்தது, பிள்ளை எந்த வீட்டில் படுத்து எழுந்தது, படிப்பு போன்றவற்றில் முடிவெடுத்தது யார். நான்குக்கும் ஒரே ஆள் பதிலாக வரலாம், நான்கு பேரும் வரலாம். டால்ஸ்டாயின் இளமை இதற்குத் தெரிந்த உதாரணம். 1837இல் தகப்பனாரும் இறந்தபின் ஒரு அத்தை கார்டியனானார். 1841இல் அவரும் இறக்க, இன்னொரு அத்தை பிள்ளைகளைக் கசானுக்கு அழைத்துக்கொண்டார். ஆனால் சிறுவயதில் அவரைத் தாயைப்போல் பார்த்துக்கொண்டவர் தத்யானா எர்கோல்ஸ்கயா என்ற தூரத்து உறவுப் பெண்மணி. கார்டியன் பட்டியலை மட்டும் பார்த்தால் அவர் பெயரே வராது.

பள்ளிச் சேர்க்கைப் பதிவேடுகள்

மூன்று பள்ளிகளின் சேர்க்கைப் பதிவேடுகள் தேடப்பட்டன. முதலாவது, பிறந்த ஊர்த் திண்ணைப் பள்ளியாக இருந்து பிறகு ஆரம்பப் பள்ளியானது. அங்கே இருந்த பதிவேடு மூலம் அல்ல, பிற்காலத்தில் பார்த்து எழுதிய படி. இதை எப்படித் தெரிந்துகொள்வது என்பது முக்கியம். பதினைந்து இருபது வருடச் சேர்க்கைகள் ஒரே கையெழுத்தில், ஒரே மையில், அடித்தல் திருத்தல் இல்லாமல் இருந்தால் அது படிதான். தலைமையாசிரியர்கள் மாறிய இடத்தில்கூடக் கையெழுத்து மாறாது. படியெடுக்கும்போது பெரும்பாலும் முதலில் விட்டுப்போவது பெற்றோர் அல்லது போஷகர் பத்தியிலுள்ள உறவுக் குறிப்பும், தொழிலும்தான். இங்கேயும் தகப்பனார் பெயர் மட்டும் இருந்தது. அவர் அப்போது உயிரோடு இருந்தாரா என்பதுகூடத் தெரியவில்லை.

இரண்டாவது பள்ளி, அத்தை ஊரில். 9 வயதில் சேர்ந்திருக்கிறார். இந்தப் பதிவேடு மூலம். போஷகர் பத்தியில் ஓர் ஆண் பெயர், உறவு ‘மாமா’, தொழில் விவசாயம், இருப்பிடம் அதே ஊர். அந்தப் பெயர் தாய்மாமன் பெயர் அல்ல. அத்தை கணவருடையது. தேடலில் கிடைத்த முதல் உறுதியான பிடி இதுதான்.

மூன்றாவது, பாளையங்கோட்டை மிஷன் உயர்நிலைப்பள்ளிகளில் ஒன்று. 12 வயதில் போர்டிங்கில் சேர்ந்திருக்கிறார். போஷகர் பத்தியில் இப்போது தாய்மாமன் பெயர். மூன்றே வருடத்தில் போஷகர் மாறிவிட்டார். பிள்ளை ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போய்விட்டதாக இதற்குப் பொருள் கொள்ள ஆசையாக இருக்கும். அப்படி எழுதியும் விடுவார்கள். ஆனால் சேர்க்கைப் பதிவேட்டில் வரும் பெயர், அன்று பிள்ளையைக் கூட்டிவந்து கையெழுத்துப் போட்டவர் அல்லது சம்பளம் கட்டப் பொறுப்பேற்றவர் பெயர். அவர் வீட்டில் பிள்ளை வளர்ந்தது என்பதற்கு அது சாட்சி ஆகாது. எனவே இரண்டு பெயரையும் தேதியோடு குறித்துக்கொண்டு, மாற்றத்துக்குக் காரணத்தை வேறு இடத்தில் தேடுவது என்று முடிவானது.

சொத்துப் பத்திரங்கள்

சிறுவனுக்குச் சொத்து இருந்தால் பத்திரம் இருக்கும், பத்திரம் இருந்தால் கார்டியன் பெயர் இருக்கும். மைனர் தானே கையெழுத்திட முடியாது என்பதால் யாரோ ஒருவர் அவருக்காக நின்றாக வேண்டும். அனாதையான பிரமுகர்களைத் தேடும்போது பலரும் தவறவிடும் இடம் இது.

இணையத்தில் எடுக்கும் வில்லங்கச் சான்று பெரும்பாலும் 1975க்குப் பிற்பட்ட காலத்துக்கே உதவும். அதற்கு முந்தையதற்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் தேடுதல் மனு போட வேண்டும். பழைய பதிவேடுகளுக்கு இரண்டு அட்டவணை உண்டு. ஒன்று ஆள் பெயர்வாரியானது, மற்றது சொத்துவாரியானது. சர்வே எண் தெரியாத நிலையில் பெயர்வாரி அட்டவணைதான் கைகொடுக்கும். பதிவுச் சட்டப்படி அசையாச் சொத்துப் பத்திரங்கள் அடங்கிய 1ஆம் புத்தகத்தையும் அதன் அட்டவணைகளையும் கட்டணம் கட்டி யாரும் பார்க்கலாம், நகலும் வாங்கலாம். உயில் பதிவான 3ஆம் புத்தகத்தில் அப்படியில்லை. உயில் எழுதியவர் இறந்துவிட்டார் என்று காட்டினால்தான் பிறருக்கு நகல் கிடைக்கும். பெற்றோர் உயிலில் கார்டியனை நியமித்திருக்கிறார்களா என்று பார்க்க அதுவும் தேவைப்படும். இந்த நிகழ்வில் உயில் எதுவும் இல்லை.

பெயரைத் தேடும்போது மைனர் பெயரில் மட்டும் தேடினால் பாதிதான் கிடைக்கும். தகப்பனார் பெயர், தாய்மாமன், பெரியப்பா, அத்தை கணவர் ஆகியோர் பெயரிலும் பார்க்க வேண்டும். ஊர் இருந்த பதிவு மாவட்ட எல்லையும் மாறியிருக்கும். இன்றைய தூத்துக்குடி மாவட்டம் 1986 வரை திருநெல்வேலியோடு சேர்ந்தே இருந்தது என்பதால் பழைய புத்தகம் எந்த அலுவலகத்தில் கிடக்கிறது என்று கேட்டுவிட்டுக் கிளம்புவது நல்லது.

கிடைத்தவை மூன்று பத்திரங்கள். முதலாவது, தகப்பனார் இறப்பதற்கு முன்பே அண்ணனோடு செய்துகொண்ட பாகப் பிரிவினை. இரண்டாவது, சிறுவனுக்கு 13 வயதிருக்கையில் ஒரு வயலை ஒத்திக்கு வைத்தது. மூன்றாவது, 19 வயதில் மேற்படிப்புச் செலவுக்காக ஒரு துண்டு நிலத்தை விற்றது. பின்னிரண்டிலும் ‘மைனருக்குக் கார்டியனும் தாய்மாமனுமான’ என்ற வாசகத்தோடு தாய்மாமன் கையெழுத்து. கூடவே மாவட்ட நீதிமன்றத்தின் ஓ.பி. எண், அதாவது மனு எண் ஒன்றும், அனுமதி உத்தரவுத் தேதியும்.

இங்கே ஒரு முடிச்சு விழுந்தது. 18 முடிந்தால் மேஜர். 19 வயதுக்காரரை மைனர் என்று பத்திரம் சொல்கிறது. பிறந்த ஆண்டே தவறு, இரண்டு வருடம் தள்ளி வைக்க வேண்டும் என்று குழுவுக்குள் ஒரு யோசனை வந்தது. பள்ளிக்கூட வயது நம்பத்தக்கதல்ல என்பதால் அந்த யோசனை நியாயமாகவும் பட்டது. அப்படித் திருத்தியிருந்தால் வாழ்க்கை வரலாறு முழுவதும் கோணியிருக்கும். காரணம் வயதில் இல்லை, சட்டத்தில் இருந்தது. 1875ஆம் ஆண்டின் இந்திய வயதுவரவுச் சட்டப்படி, 18 வயதுக்குள் நீதிமன்றம் ஒருவருக்குக் கார்டியன் நியமித்திருந்தால் அவர் 21 முடிந்த பிறகே மேஜர். ஜமீன் பிள்ளைகளின் சொத்தைக் கோர்ட் ஆஃப் வார்ட்ஸ் என்ற அரசு அமைப்பு ஏற்று நடத்தியபோதும் இதுவே விதி. 1999இல்தான் இந்த 21 வயது விதி நீக்கப்பட்டது. ஆகவே அந்தக் காலத்துப் பத்திரத்தில் 18க்கும் 21க்கும் இடைப்பட்ட ஒருவர் மைனர் என்று வந்தால், எங்கோ ஒரு நீதிமன்றக் கட்டு இருக்கிறது என்று அர்த்தம். பிறந்த தேதியைத் தொடுவதற்கு முன் அதைத் தேட வேண்டும். இந்த நிகழ்வில் ஓ.பி. எண் பத்திரத்திலேயே இருந்தது அதிர்ஷ்டம்.

நீதிமன்றக் கட்டு

தாய்மாமன் ஏன் நீதிமன்றம் போனார்? பெரியப்பா இருக்கும்போது அவர் எப்படிக் கார்டியன் ஆனார்? பாகப் பிரிவினைப் பத்திரத்தில் விடை இருந்தது. சொத்து பிரிக்கப்படாத கூட்டுக் குடும்பமாக இருந்திருந்தால், பெரியப்பா குடும்ப மேனேஜராக இருந்து மைனரின் பங்கையும் சேர்த்தே நிர்வகித்திருப்பார். பிரியாத பங்குக்கு நீதிமன்றம் தனியாகக் கார்டியன் நியமிப்பதில்லை. அப்படிப்பட்ட வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு நீதிமன்றத்தில் ஒரு தாளும் கிடைக்காது, தேடி அலுத்துப்போகக் கூடாது. இங்கே தகப்பனார் பாகம் பிரித்துக்கொண்டு தனிச் சொத்தோடு இறந்தார். தாய் இருக்கும்வரை அவரே இயற்கைக் கார்டியன். அவரும் போனபின் உறவு என்ற ஒன்றாலேயே யாருக்கும் அந்த அதிகாரம் வராது. சொத்தை ஒத்திக்கு வைக்கவோ விற்கவோ சந்தேகத்துக்கிடமில்லாத அதிகாரம் வேண்டுமானால் 1890ஆம் ஆண்டின் கார்டியன்கள், வார்டுகள் சட்டப்படி மாவட்ட நீதிமன்றத்தில் மனுச் செய்தாக வேண்டும்.

வழக்கில் சம்பந்தமில்லாதவர் நகல் கேட்டால், எதற்காக என்று காரணம் சொல்லி உறுதிமொழியோடு மனுப் போட வேண்டியிருக்கும். குடும்ப வாரிசு ஒருவர் பெயரில் கேட்பது எளிது. இங்கே தாய்மாமன் பேரன் ஒருவரே மனுவில் கையெழுத்திட்டார். பழைய பதிவேட்டில் இந்த வகை மனுக்களுக்குத் தனி வரிசை இல்லை. இன்று ஜி.டபிள்யூ.ஓ.பி. என்று எண்ணிடுகிறார்கள். அன்று வெறும் ஓ.பி.தான், வாரிசுச் சான்று முதல் பல வகை மனுக்களும் அதே வரிசையில் கலந்து கிடக்கும். எண் தெரியாமல் போனால் ஆண்டுப் பதிவேட்டை வரிவரியாகப் பார்க்க வேண்டியதுதான். காலக்கெடு முடிந்த கட்டுகளில் ஒரு பகுதியை அழித்துவிடுவதும் உண்டு.

மனு கிடைத்தது. இந்த மனுவின் அமைப்பைத் தெரிந்து வைத்திருப்பது பயனுள்ளது. சட்டத்தின் 10ஆம் பிரிவு மனுவில் என்னென்ன சொல்ல வேண்டும் என்று பட்டியலிடுகிறது. மைனரின் வயது, மதம், வசிப்பிடம், சொத்தின் தன்மையும் மதிப்பும், நெருங்கிய உறவினர் யார் எங்கே இருக்கிறார்கள், கார்டியனாக வர விரும்புபவரின் தகுதி. இவற்றோடு, மைனர் தற்போது யார் பொறுப்பில் இருக்கிறார் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டும். கார்டியன் கேட்பவர் வேறு, பிள்ளையை வைத்திருப்பவர் வேறு என்றால் அந்த இடத்தில் வெளிப்பட்டுவிடும்.

அந்தப் பத்தியில் இருந்தது இவ்வளவுதான்: பையன் தகப்பனாரின் சகோதரி வீட்டிலும், அவன் தங்கை மனுதாரர் வீட்டிலும் இருக்கிறார்கள்.

தங்கை ஒருத்தி இருந்தது குழுவுக்குத் தெரியும். அவர் தனியாக வேறு வீட்டில் வளர்ந்தது அதுவரை யாரும் சொல்லாதது. தாய்மாமன் வீட்டார் சொல்லிவந்தது பொய்யல்ல என்பது அப்போது புரிந்தது. அந்த வீட்டில் ஒரு அனாதைப் பிள்ளை வளர்ந்தது உண்மை, அது தங்கை. இரண்டு தலைமுறை கடந்தபோது தங்கையின் கதை பெயர்பெற்ற அண்ணன்மேல் ஏறிவிட்டது. உடன்பிறந்தவர்கள் பிரிந்து வளர்ந்த குடும்பங்களில் இது அடிக்கடி நடக்கிறது. பிரமுகரை மட்டும் தேடினால் பிடிபடாது. உடன்பிறந்த ஒவ்வொருவரையும் தனித்தனியாக எந்த வீட்டில் என்று கேட்டால்தான் தெரியும்.

பெரியப்பா நெருங்கிய உறவினர் பட்டியலில் இருந்தார். தாய்மாமனை நியமிப்பதில் ஆட்சேபணை இல்லை என்று அவர் எழுதிக் கொடுத்த தாளும் கட்டில் இருந்தது. உத்தரவு தாய்மாமனை உடலுக்கும் சொத்துக்கும் கார்டியனாக நியமித்தது.

கார்டியன் கணக்கு

மனுவின் தேதியில் பையன் அத்தை வீட்டில் இருந்தான் என்பது ஒரு நாளைய நிலை. உத்தரவு வந்த மறுநாளே தாய்மாமன் அழைத்துப் போயிருக்கலாம். உடலுக்கும் கார்டியன் என்பதால் அவருக்கு அந்த அதிகாரமும் இருந்தது. இந்தச் சந்தேகத்தைத் தீர்த்தது கணக்கு.

நீதிமன்றம் நியமித்த சொத்துக் கார்டியனைச் சொத்து விவரப் பட்டியலையும், பிறகு வரவு செலவுக் கணக்கையும் ஒப்படைக்கும்படி நீதிமன்றம் கேட்கலாம். கட்டில் சில ஆண்டுக் கணக்குகள் மட்டும் மிஞ்சியிருந்தன. அவற்றை வெறும் காசுக் கணக்காகப் பார்க்காமல், பணமும் நெல்லும் எந்த வீட்டுக்குப் போயின என்று வாசித்தபோது ஆண்டுதோறும் ஒரு வரி திரும்பத் திரும்ப வந்தது. கார் அறுவடையில் ஒன்று, பிசான அறுவடையில் ஒன்று என இரண்டு கோட்டை நெல் ‘மைனர் சாப்பாட்டு வகைக்கு’ அத்தை பெயரில் பற்று. அத்தை பெயர்தான், அவர் கணவர் பெயர் இல்லை. இதே கணக்கில் தங்கையின் சாப்பாட்டுக்கு எதுவும் எழுதப்படவில்லை. தாய்மாமன் தன் வீட்டில் சாப்பிட்ட பிள்ளைக்குக் கணக்கெழுதவில்லை, வேறு வீட்டில் சாப்பிட்ட பிள்ளைக்கு எழுதியிருக்கிறார். துணிக்கும் புத்தகத்துக்கும் இருவருக்கும் செலவு உண்டு.

12 வயதுக்குரிய கணக்கில் நெல் வரி பாதியாகக் குறைந்து, ‘போர்டிங் சம்பளம்’ என்ற வரி புதிதாக வருகிறது. பள்ளிப் பதிவேட்டில் போஷகர் மாறியதற்குக் காரணம் இதுதான். மைனரின் சொத்துப் பணத்திலிருந்து சம்பளம் கட்ட வேண்டியவர் கார்டியன், ஆகவே பள்ளி அவர் பெயரை எழுதிக்கொண்டது. பையன் வீடு மாறவில்லை, பணம் கட்டும் கை மாறியது. நெல் முழுவதும் நிற்காமல் பாதி தொடர்ந்தது, விடுமுறை மாதங்களில் அவன் அத்தை ஊருக்கே வந்து தங்கியதைக் காட்டுகிறது. இதை உறுதிசெய்ய இன்னொரு சிறு வரி உதவியது. பள்ளியிலிருந்து அத்தை ஊருக்கு வண்டிக் கூலி. தாய்மாமன் ஊருக்குப் போன கூலி ஒரே ஒரு முறை வருகிறது, அதுவும் தை மாதத்தில்.

கணக்கை அப்படியே நம்பலாமா என்ற கேள்வி நியாயமானது. கார்டியன்கள் செலவைக் கூட்டி எழுதுவது உண்டு. ஆனால் கூட்டி எழுத நினைப்பவர் தன் வீட்டுச் செலவாக எழுதுவதுதான் எளிது. நெல்லை இன்னொரு வீட்டுக்குக் கொடுத்ததாக எழுதினால், அந்த வீட்டார் மறுத்துவிட வாய்ப்பிருக்கிறது. அளவு கூடக்குறைய இருக்கலாம், யார் வீட்டுக்கு என்பதில் பொய் சொல்ல அவருக்குக் காரணம் இல்லை.

நேர்காணல்

ஆவணங்களுக்குப் பிறகே அத்தை ஊரில் பேச்சு எடுக்கப்பட்டது. ‘வளர்த்தது யார்’ என்று கேட்கவில்லை. அப்படிக் கேட்டால் எல்லாரும் தங்களுக்குச் சாதகமான பெயரையோ, மரியாதைக்குரிய ஆண் ஒருவரின் பெயரையோதான் சொல்வார்கள். அண்டை வீட்டில் பிறந்த, 85 வயது கடந்த ஓர் அம்மாவிடம் சில்லறைக் கேள்விகளாகக் கேட்கப்பட்டது. அவருடைய தாயாரிடம் கேட்ட கதைகளும், அவரே பார்த்த பிற்காலமும் கலந்தே வந்தன. எது கேள்விப்பட்டது, எது பார்த்தது என்று ஒவ்வொரு பதிலுக்குப் பின்னும் குறித்துக்கொள்ளப்பட்டது.

“தீபாவளிக்குத் துணி யாரு பாட்டி எடுப்பாங்க?”

“துணி அவுக மாமன் ஊர்ல இருந்து வரும். தைக்கக் குடுக்கறது, எண்ணெ தேச்சி விடுறதெல்லாம் இவதான். பிள்ள இல்லாதவ, இவன அப்படிப் பாத்தா.”

துணி தாய்மாமனிடமிருந்து வந்தது கணக்கோடு பொருந்தியது. கணக்கில் இல்லாத ஒன்றையும் அவர் சொன்னார். அத்தை இறந்தபோது ஊருக்கு வந்து காரியம் செய்தவர் பிரமுகர்தான் என்பது. அதை அவரே சிறுமியாக இருந்தபோது பார்த்தது. உயர்பதவியில் இருந்தவர் மொட்டை அடித்து நின்றதை ஊர் அதிசயமாகப் பேசிக்கொண்டதாம்.

எழுத எடுத்த முடிவும் காரணமும்

வாழ்க்கை வரலாற்றில் ‘தாய்மாமன் வளர்த்தார்’ என்ற வரியை எடுத்துவிட்டு ‘அத்தை வளர்த்தார்’ என்று மாற்றுவது ஒரு வழி. அதுவும் பாதி உண்மைதான் என்று குழு கருதியது. தாய்மாமன் நீதிமன்றம் ஏறி, கணக்கு ஒப்பித்து, சொத்தைக் காப்பாற்றியிருக்காவிட்டால் போர்டிங்கும் கல்லூரியும் கிடைத்திருக்காது. ஆகவே காலவாரியாகப் பிரித்து எழுதப்பட்டது. சாரம் இது:

8 வயதில் தாயை இழந்தார். 9 வயதுக்குள் அத்தை வீட்டுக்கு வந்து, 12 வயதுவரை அங்கேயே வளர்ந்தார். பிறகு பாளையங்கோட்டையில் பள்ளி போர்டிங்கில் தங்கினார், விடுமுறைகள் அத்தை வீட்டில் கழிந்தன. நீதிமன்றம் நியமித்த கார்டியனாகத் தாய்மாமன் 21 வயதுவரை சொத்தை நிர்வகித்து, படிப்புக்கு வேண்டிய பணத்தை ஏற்பாடு செய்தார். தங்கை தாய்மாமன் வீட்டில் வளர்ந்தார். திருமணத்தைப் பெரியப்பா முன்னின்று நடத்தினார்.

தாய் இறந்ததற்கும் இரண்டாவது பள்ளியில் சேர்ந்ததற்கும் இடைப்பட்ட சில மாதங்களுக்கு ஆதாரம் இல்லை. அதை ஊகத்தால் நிரப்பாமல் ‘9 வயதுக்குள்’ என்ற சொல்லாட்சியோடு விட்டுவிட்டார்கள். ‘வளர்ப்புத் தாய்’, ‘தத்து’ என்ற சொற்கள் தவிர்க்கப்பட்டன. தத்து எடுத்திருந்தால் பெயருக்கு முன் உள்ள தலைப்பெழுத்தும் வாரிசுரிமையும் மாறியிருக்கும். கடைசிவரை அவர் தகப்பனார் தலைப்பெழுத்தையே வைத்திருந்தார், அத்தை கணவரின் நிலமும் பங்காளிகளுக்கே போனது.

பிறகு நடந்தது

வரைவைப் பார்த்ததும் தாய்மாமன் வழியில் ஒரு மனத்தாங்கல் வந்தது. வெளியிடும் முன் நீதிமன்ற நகலையும் கணக்குப் பக்கங்களையும் அவர்கள் வீட்டிலேயே வைத்துப் படித்துக் காட்டினார்கள். தங்கை பற்றிய பத்தி வந்ததும் பேச்சு மாறியது. அந்தப் பாட்டி தங்கள் வீட்டில் எந்த அறையில் இருந்தார், யார் கல்யாணம் செய்து வைத்தார் என்பதை அவர்களே சொல்லத் தொடங்கினார்கள். அதிலிருந்து தங்கைக்கென ஒரு சிறு பகுதி மலரில் சேர்ந்தது. பெரியப்பா வீட்டார் திருமண வரி இருப்பதால் அமைதியானார்கள். அத்தை ஊர் நூலகத்தில் மலர் கொடுக்கப்பட்டபோது, அங்கே யாரும் இதைப் புதிய செய்தியாக எடுத்துக்கொள்ளவில்லை.

அத்தையின் பெயர் மட்டும் கடைசி நேரத்தில் தகராறானது. கணக்கில் ஒரு பெயர், ஊரில் அழைத்தது வேறு. கணக்கில் உள்ளதை முதன்மையாக வைத்து, அழைக்கும் பெயரையும் சேர்த்து எழுதினார்கள்.

அடுத்த முறை மாற்ற வேண்டியவை

வரிசை மாற வேண்டும். பள்ளிப் பதிவேட்டிலிருந்து தொடங்கியதால் போஷகர் மாறிய இடத்தில் நீண்ட நாள் நிற்க வேண்டியிருந்தது. முதலில் பாகப் பிரிவினை நடந்ததா என்று பெயர்வாரி அட்டவணையில் பார்த்துவிட்டால், நீதிமன்றக் கட்டு இருக்க வாய்ப்புண்டா இல்லையா என்பது ஓரளவு தெரிந்துவிடும். அதன்பின் பள்ளிக்குப் போனால் அங்கே வரும் பெயர்கள் குழப்பாது. சொத்தே இல்லாத குடும்பம் என்றால் இந்த வழி முழுவதும் அடைபடும். அப்போது போர்டிங் அல்லது அனாதை இல்லத்தின் சேர்க்கைப் புத்தகமும், விடுமுறைக்குப் பிள்ளையை யார் வந்து கூட்டிப்போனார் என்ற குறிப்பும்தான் மிஞ்சும். இந்த நிகழ்வில் போர்டிங் விடுப்புப் புத்தகத்தைக் கேட்காமல் விட்டது வண்டிக் கூலி வரி இருந்ததால் பாதகமாகவில்லை. அது இல்லாத இடத்தில் முதலிலேயே கேட்டாக வேண்டும்.

மேஜரான பின் முதல் மூன்று வருடப் பத்திரங்களையும் தனியாகப் பார்க்க வேண்டும். கார்டியன் செய்த விற்பனையை மேஜரான மூன்று வருடத்துக்குள் எதிர்த்து வழக்குப் போடலாம் என்பதால், வாங்கியவர்கள் பயந்து அவரிடமே சம்மதப் பத்திரமோ விடுதலைப் பத்திரமோ எழுதி வாங்கிக்கொள்வார்கள். அவற்றில் சிறுவயது விவரங்கள் சில வேளை அவர் கையெழுத்தோடு கிடைக்கும். இங்கே அந்தத் தேடல் 21 வயதோடு நின்றுவிட்டது. 24 வரை நீட்டித்திருக்க வேண்டும்.

நேர்காணலைத் தள்ளிப்போட்டதும் மறுபரிசீலனைக்குரியது. ஆவணத்தைப் படித்துவிட்டுக் கேட்டதால் கேள்விகள் கூர்மையாக இருந்தன என்பது உண்மை. ஆனால் 85 வயதுக்காரரைக் காக்கவைப்பது சூதாட்டம். முதல் வாரத்திலேயே பொதுவாகப் பேசிப் பதிவுசெய்துவிட்டு, ஆவணங்கள் கிடைத்தபின் இரண்டாவது முறை குறிப்பான கேள்விகளோடு போவதே சரி. முதல் பேச்சில் எந்தக் குடும்பத்தின் உரிமைக் கதையையும் அவர் காதில் போடாமல் இருக்க வேண்டும்.